கேக்கின் மேல் அழித்த வாழ்த்து

நிர்மலாவின் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது சொல் வந்தால் அதிகம். ஆனால் அவள் கை ஒரு நாளைக்கு நாற்பது கேக்கில் எழுதும்.

நெல்லித்தோப்பில் சூசைநாதன் நடத்தும் பேக்கரியில், பின்கட்டில், ஓவனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே அவளுக்கு ஒரு ஸ்டீல் மேசை. முன்பக்கம் பில் போடும் பாரதி ஆர்டர் எழுதிய சீட்டைக் கதவிடுக்கு வழியாக நீட்டுவாள். பட்டர் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, கிரீம் நிரப்பி, நுனியைக் கத்தரித்து, சீட்டில் இருப்பதைக் கேக்கின் மேல் எழுத வேண்டும். ஏழாவதோடு பள்ளியை விட்டவள் நிர்மலா. தமிழ் நன்றாகப் படிப்பாள். இங்கிலீஷ் எழுத்து இந்தச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கைக்குப் பழகியது. பதினோரு வருடத்தில் இந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்னென்ன சொல்ல ஆசைப்படுகிறார்கள் என்பது முழுக்க அவளுக்குத் தெரிந்துபோனது.

தன் மகளுக்கு என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மகள் பிரிஸ்கில்லா. வீட்டில் பிரிசி. பதினாறு வயது. அப்பா தேவதாஸ், சொல்தா என்று ஊரில் சொல்லும் பட்டாளக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரிசிக்கு நாலு வயதில் வேலை தேடி பிரான்சுக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். பன்னிரண்டு வருடம் கழித்து, போன ஆகஸ்டில், பொண்ணு இங்க வந்து படிக்கட்டும், அவளுக்கும் பேப்பர் ரெடி என்று கூப்பிட்டார். நிர்மலா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் எதற்குத்தான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்? ஒரு பெட்டி, ஒரு பை, அதில் இரண்டு பாட்டில் ஊறுகாய். சென்னை விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகு பிரிசி ஒருமுறை திரும்பிக் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

அவள் அப்படி மொட்டையாகக் கை காட்டியதற்குக் காரணம் அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் என்று நிர்மலா நினைத்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று பிரிசியின் வகுப்புத் தோழிகள் நாலு பேர் பூசை முடிந்து வீட்டுக்கு வருவதாக இருந்தது. நிர்மலா ஒரு கிலோ கேக் செய்து, நாளெல்லாம் யோசித்து, அதன் மேல் தன் மனசை எழுதினாள். வாயால் ஒருநாளும் சொல்லாததைச் சிவப்பு கிரீமில் மூன்று வரியாக எழுதினாள். ‘என் உயிரே பிரிசி, அப்பா இல்லாத குறை தெரியாமல் வளர்த்தேன், நீ இல்லாமல் நான் இல்லை, இப்படிக்கு அம்மா.’ எழுத்து ஒவ்வொன்றும் முத்து. அட்டைப்பெட்டியைத் திறந்ததும் பிரிசி படித்தாள். கண்ணை மேலே உருட்டினாள். வாசலில் தோழிகளின் ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் கத்தியை எடுத்தாள். வெட்டவில்லை. கத்தியைப் படுக்கவைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பு. மூன்று வரியும் வெள்ளை கிரீமோடு கலந்து ரோஜா நிறத்தில் ஒரு தீற்றலாகிவிட்டது.

“இதெல்லாம் வேணாம்மா, ப்ளீஸ்” என்றாள்.

தோழிகள் வந்தார்கள். கேக் சூப்பர் ஆண்டி என்றார்கள். நிர்மலா சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் தட்டு எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘ம்’, ‘சரி’, ‘தெரியும்’ என்ற மூன்றே சொல்லில் எட்டு மாதம் ஓடியது. பிறகு விமானம்.

பிரிசி போன வாரத்திலேயே மாதா விண்ணேற்புத் திருநாள் வந்தது. நிர்மலாவுக்கு யாரோ அனுப்பியிருந்த படம், மாதாவைச் சுற்றி ரோஜாப்பூ மினுமினுக்கும். அதை அப்படியே மகளுக்குத் தள்ளிவிட்டாள். பதிலுக்கு ஒரு கட்டை விரல் வந்தது. அக்டோபரில் தீபாவளிக்கு, பாட்டோடு விளக்கு எரியும் ஒரு வீடியோ. அவள் பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. கட்டை விரல்கூட இல்லை. நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று, உப்பளம் கல்லறையில் தன் அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து, போனை வாயருகே வைத்து நாலு நிமிடம் பேசி அனுப்பினாள். அவ்வளவு பேசியது அவளுக்கே ஆச்சரியம். அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மைக் படம் இருக்கும். அந்தப் பக்கம் கேட்டுவிட்டால் அது நீலமாகும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது நாள் பார்த்தாள். சாம்பல் நிறமாகவே இருந்தது.

பத்தாம் நாள், போனை மறைத்து மறைத்துப் பார்ப்பதைப் பாரதி பிடித்துவிட்டாள். பாரதிக்கு இருபத்திரண்டு வயது, தவளக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், யார் போனையும் கேட்காமல் வாங்கிப் பார்ப்பவள். நிர்மலாவின் போனை வாங்கி மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனாள். முகத்தில் சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது.

“நாலு நிமிசமாக்கா? நாலு நிமிசம் யாருக்கா கேப்பா? பஸ்ல போவா, பசங்களோட நிப்பா. காதுல வெச்சு அம்மா அழுவற சத்தத்தக் கேக்க முடியுமா?”

“நான் அழுவலையே” என்றாள் நிர்மலா.

“அழுவலன்னாலும் அழுவுற மாதிரிதான் இருக்கும்.”

அன்று சாப்பாட்டு நேரத்தில், மாவுமூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு, பாரதி அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரோஜாப்பூ, விளக்கு, பாட்டு எதுவும் கூடாது. எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிட்டால் அதன் தலையிலேயே அது பல பேர் கை மாறியது என்று எழுதியிருக்கும், பிள்ளைகள் அதைத் திறப்பதே கோடு நீலமாகட்டும் என்றுதான். ஸ்டேட்டஸில் பிள்ளையின் சின்ன வயசுப் படம் போடக் கூடாது. சொந்தக்காரர் குரூப்பில் பெயர் சொல்லி வாழ்த்தக் கூடாது. அத்தனை பேர் பார்க்கப் பிள்ளை பதில் போட வேண்டியிருக்கும். ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து அனுப்பக் கூடாது. சாப்டியா, தூங்குனியா என்று கேட்கக் கூடாது. அதெல்லாம் பதில் வாங்குகிற கேள்வி. அனுப்பிவிட்டு அழித்தால் அழித்ததும் தெரியும். முக்கியமாக, பிரிசி பல மெசேஜைத் திறக்கவே மாட்டாள். போன் மேல்விளிம்பில் அது எட்டிப்பார்க்கும்போதே படித்துவிட்டு ஒதுக்குவாள்.

“அந்த எட்டிப்பாக்கற ஒரு வரிதான்க்கா உங்களுக்கு. அதுக்குள்ள சொல்லிடணும்.”

ஒரு வரிக்குள் என்ன சொல்ல? நிர்மலா எழுந்து போய்க் கோன் சுருட்டினாள்.

ஆனால் அன்றிலிருந்து கதவிடுக்கு வழியாகக் கல்லாவைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் ஒருவர் மகளோடு வந்து, ‘எங்கள் வீட்டு இளவரசிக்கு’ என்று எழுதச் சொன்னார். பக்கத்தில் நின்ற பெண் கண்ணை உருட்டிக் கண்ணாடி அலமாரியில் இருந்த பஃப்பை எண்ணிக்கொண்டிருந்தது. பிரிசியின் அதே உருட்டல். இன்னொரு நாள் காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆட்டோக்காரர் மகனோடு வந்தார். மகனுக்கு இவ்வளவு உயரத்தில் முடி. ‘இந்த வருசமாச்சும் முடி வெட்டு’ என்று எழுதச் சொன்னார். சீட்டை வாங்கிய நிர்மலா இது வாழ்த்தா என்று யோசித்தாள். அந்தப் பையன் கேக்கைப் பார்த்துவிட்டு, “நீ வெட்டமாட்டியாப்பா மொதல்ல?” என்று அப்பாவின் வழுக்கையில் ஒரு தட்டுத் தட்டினான். இருவரும் சிரித்துக்கொண்டே கேக்கை ஆட்டோவில் ஏற்றினார்கள். அவன் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதை நிர்மலா பார்த்தாள்.

நவம்பர் கடைசியில் தற்செயலாக ஒன்று நடந்தது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு மேலே வைக்கச் சர்க்கரை மாவில் கிறிஸ்துமஸ் தாத்தா பொம்மை செய்து அடுக்கியிருந்தார்கள். மழைக்கால ஈரத்தில் ஒரு தாத்தாவின் கழுத்து இளகி, தாடி நெஞ்சில் ஒட்டி, ஒரு கண் கன்னத்துக்கு இறங்கிவிட்டது. முதலாளிக்குக் காட்டப் படம் பிடித்தாள். மாவுக் கை. அழுத்தியது பிரிசியின் பெயரை. பார்ப்பதற்குள் போய்விட்டது. அழித்தால் அழித்ததும் தெரியும் என்று அப்படியே விட்டாள்.

ஒரு நிமிடத்தில் போன் துடித்தது.

பிரிசி இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழ் அடிப்பாள். நிர்மலா எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘ம்மா யாரு இது, தாத்தாவுக்கு என்னாச்சு.’ பக்கத்தில் கண்ணீர் வரச் சிரிக்கும் மூஞ்சி மூன்று.

‘கழுத்து போச்சு’ என்று போட்டாள் நிர்மலா.

‘எங்க பிரின்சிபால் மாதிரியே இருக்காரு.’

‘அவருக்கும் கழுத்து போச்சா.’

‘செத்தேன்’ என்று பதில் வந்தது. அப்படியென்றால் சிரித்துச் சிரித்து என்று அர்த்தம், பாரதி சொல்லியிருக்கிறாள். நாலு மாதத்தில் இதுதான் அவர்கள் பேசிய நீளமான பேச்சு. சந்தோஷம் தாங்காமல், நிறுத்த வேண்டிய இடம் தெரியாமல், அவள் அடித்தாள்: ‘என் தங்கமே நீ சிரிச்சு எத்தன நாளாச்சு, அம்மாவுக்கு நெஞ்சே நெறஞ்சிடுச்சு.’

நீலக் கோடு விழுந்தது. அவ்வளவுதான். அதற்கப்புறம் பத்து நாள் ஒன்றுமில்லை.

அந்தப் பத்து நாளும் அவள் அதையேதான் யோசித்தாள். தன் ஆசையைச் சொன்ன இடத்தில் பிள்ளை ஓடிவிடுகிறது. ஒன்றுமே சொல்லாத இடத்தில் வந்து நிற்கிறது. சாப்பிடக் கையில் வைத்து நீட்டினால் ஓடிவிட்டு, தரையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் வந்து தின்கிற பக்கத்து வீட்டுப் பூனைதான் நினைவுக்கு வந்தது.

டிசம்பர் பாதி ஆகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குப் பிரிசி வரவில்லை. டிக்கெட் ஏகப்பட்ட விலை, ஜூலை லீவுக்கு நிச்சயம் அனுப்புகிறேன் என்று தேவதாஸ் முன்பே சொல்லியிருந்தார். ஆக, இந்தக் கிறிஸ்துமஸுக்கு நிர்மலாவிடம் இருந்தது அந்த ஒரு வரிதான். அது போய்ச் சேராவிட்டால், ஜூலையில் வந்து இறங்கப்போவது யாரோ ஒரு பெண்ணாக இருக்கும் என்று பயந்தாள்.

இருபத்துநாலாம் தேதி. கடையில் நிற்க இடமில்லை. வருடா வருடம் சூசைநாதன் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அரைக் கிலோ கேக் ஒன்று கொடுப்பார், அலங்காரம் அவரவர் விருப்பம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் நிர்மலா தன் கேக்கை மேசையில் வைத்தாள். வெள்ளை கிரீமை வழுவழுப்பாகப் பூசினாள். சிவப்புக் கோன் எடுத்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும், தன் முழு மனசையும் இரண்டே வரியில் எழுதினாள்.

‘பிரிசி, வீட்டுக்கு வா.’

ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துப் படுக்கவைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பு இழுத்தாள். போன வருடம் பிரிசி இழுத்த மாதிரியே. எழுத்து போய் ரோஜா நிறத் தீற்றல் மட்டும் நின்றது. கத்தியைக் கேக்குக்குப் பக்கத்திலேயே வைத்துப் படம் எடுத்தாள். அடியில் அடித்தாள்: ‘நீ அழிக்கறதுக்குள்ள நானே அழிச்சிட்டேன். ஹேப்பி கிறிஸ்மஸ்.’

உடனே அனுப்பவில்லை. அங்கே நாலரை மணி நேரம் பின்னால். லீவு நாளில் பிரிசி பத்து மணிக்கு முன் எழமாட்டாள். தூங்கும்போது போட்டால் மற்றவர்களின் வாழ்த்துக்கு அடியில் போய்விடும். மூன்று மணி ஆகும்வரை பதினாறு கேக்கில் எழுதினாள். மூன்றேகாலுக்குப் பிரிசியின் பெயருக்குக் கீழே அவள் போனில் இருக்கிறாள் என்று காட்டியது. அனுப்பினாள். போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

பாரதி வந்து சீட்டு நீட்டினாள். நிர்மலாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, கவிழ்ந்திருந்த போனைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றாள்.

போன் துடித்தது.

‘ஐயோ ம்மா.’ சிரிக்கும் மூஞ்சி. பிறகு இன்னொன்று. ‘கத்தி வேற வெச்சிருக்க.’ அப்புறம் ஒரு இடைவெளி. அவள் அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. ‘போன வருசம் நான் அப்டி பண்ணிருக்கக் கூடாதுல்ல.’

நிர்மலா ஸ்டீல் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதில் அடிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

‘என்ன எழுதியிருந்த?’

இதோ கேட்கிறது. கேட்காமல் இருந்த பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறது. நிர்மலா அடித்தாள். ‘வீட்டுக்கு வான்னு எழுதியிருந்தேன், நீ இல்லாம வீடு’ என்றுவரை அடித்தாள். பாரதி அவள் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பிரிசிக்கு அம்மா எதையோ அடித்துக்கொண்டே இருப்பது தெரியும். நிர்மலா ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

‘பல்லு தேச்சியான்னு எழுதியிருந்தேன்.’

சிரிக்கும் மூஞ்சி வரிசையாக ஏழு வந்தது. ‘இன்னும் இல்ல’ என்று வந்தது. பாரதி அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நிர்மலாவும் சிரித்தாள். வெளியே வாடிக்கையாளர்கள் கத்த ஆரம்பித்ததால் பாரதி ஓடினாள். அதனால் அடுத்து வந்ததை நிர்மலா தனியாகத்தான் படித்தாள்.

‘ம்மா ஒண்ணு சொல்லணும். எப்டி சொல்றதுன்னு தெரியாம இருந்தேன். ஜூலைல வரல. ஜூன்ல ஸ்கூல்லேர்ந்து ஒரு ட்ரெயினிங், அப்புறம் எல்லாரும் கடலுக்குப் போறோம், அப்பாவும் தம்பி பாப்பாவும். நானும் வரேன்னுட்டேன். அடுத்த வருசம் பாக்கலாம். கோவமா?’

அவள் இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘எல்லாரும்’ என்ற சொல்லில் மூன்றாம் முறை நின்றாள். அந்த எல்லாரில் தான் இல்லை. இந்தச் சேதியை மகள் இத்தனை நாள் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். சொல்ல ஒரு வழி கிடைக்காமல்தான் நீலக் கோட்டோடு நிறுத்தியிருக்கிறாள். இன்று அம்மா சிரித்ததும், இந்த அம்மாவிடம் சொல்லலாம் என்று சொல்லிவிட்டாள். வாழ்த்து போய்ச் சேர்ந்துவிட்டது. சேர்ந்ததால்தான் இதுவும் வந்தது.

ஓவன் மணி அடித்தது. யாரோ வந்து தட்டை வெளியே எடுத்தார்கள். நிர்மலா முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தாள்.

‘கோவம் இல்ல. நல்லா போயிட்டு வா. அதுக்குள்ள தாத்தா கழுத்த ஒட்டி வெக்கிறேன்.’

கண்ணில் மாவு பட்டு எரிந்தது. பதில் ஒரு படமாக வந்தது. பிரிசி போர்வைக்குள்ளிருந்து, தலைமுடி கலைந்து, பல் தேய்க்காத வாயை இளித்துக்கொண்டு. கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஏன் இளைச்சிட்ட என்று கேட்க விரல் போனது. கேட்கவில்லை. பாரதி சொல்லிக்கொடுத்த கட்டை விரலை ஒன்று போட்டுவிட்டுப் போனைப் பைக்குள் வைத்தாள்.

ஐந்து மணிக்கெல்லாம் கேக் அத்தனையும் தீர்ந்துவிட்டது. சூசைநாதன் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். அப்போது ஒருவர் குனிந்து உள்ளே வந்தார். பிள்ளைச்சாவடியிலிருந்து வருகிறேன், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டேன், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், ஏதாவது ஒன்று கொடுங்கள் என்றார். ஒன்றும் இல்லை என்று பாரதி சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் கண் கதவு வழியாகப் பின்கட்டுக்குள் போனது.

“அது இருக்கே. ரோஸ் டிசைன்ல வெள்ளயா ஒண்ணு.”

பாரதி திரும்பிப் பார்த்தாள். அது அக்காவோடது சார், விக்கறதுக்கு இல்ல என்றாள்.

நிர்மலா கேக்கைப் பார்த்தாள். வீட்டுக்கு எடுத்துப் போனால் அரைக் கிலோ கேக்கை யார் தின்பது? வெட்ட வேண்டிய கை ஏழு கடலுக்கு அப்பால் இருக்கிறது. அவள் அட்டைப்பெட்டி ஒன்றை விரித்தாள்.

“மேல எதாச்சும் எழுதணுமா?” என்று கேட்டாள். அன்று வாடிக்கையாளர் ஒருவரிடம் அவள் வாய் திறந்து பேசியது அதுதான்.

அவர் யோசித்தார். பெரிய பொண்ணு இதெல்லாம் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கும், சும்மா வீட்டுல அவளக் கூப்பிடற பேரை மட்டும் எழுதுங்க போதும் என்றார். பெயரைச் சொன்னார்.

நிர்மலா சிவப்புக் கோனில் மிச்சம் இருந்ததைப் பிதுக்கிப் பார்த்தாள். ஒரு பெயருக்குப் போதும். ரோஜா நிறத் தீற்றலின் மேல், தன் மகளை வீட்டுக்குக் கூப்பிட்ட அதே இடத்தில், யாரோ ஒருவரின் மகளை வீட்டில் கூப்பிடும் பெயரை முத்து முத்தாக எழுதினாள். பெட்டியை மூடி நூல் கட்டினாள். சாய்க்காம பிடிச்சுக்கினு போங்க என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் போய்விட்டார்.